அடிக்கடி சுளுக்கும் கால், வில்லாக வளையும் மூட்டு: தளர்ந்த மூட்டுகளை நிலைப்படுத்தும் பயிற்சி, படிப்படியாக

ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டைப் பக்கம் காலணித் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் இளம்பெண்கள், கால் சுளுக்கு என்று பிசியோதெரபிக்கு வருவது சாதாரணம். அவர்களில் சிலரிடம் ஒரே கதை திரும்பத் திரும்ப வரும். வலது கணுக்கால் சுளுக்கி ஆறுகிறது, இரண்டு மாதத்தில் மறுபடி சுளுக்குகிறது. சாயங்காலம் முட்டியும் இடுப்பும் கடுக்கின்றன. ரத்தப் பரிசோதனை எல்லாம் சரியாக இருக்கிறது, எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை. கடைசியில், "உடம்பில் ஒன்றுமில்லை, பெண்ணுக்கு வேலைக்குப் போகப் பிடிக்கவில்லை" என்று வீட்டில் முடிவு கட்டிவிடுகிறார்கள்.

அப்படி வந்த ஒரு பெண்ணை மனத்தில் வைத்து இந்த வழிகாட்டியை எழுதுகிறேன். வயது 22, பேரணாம்பட்டுப் பக்கத்துக் கிராமம். காலணியின் மேல்பகுதியைத் தைக்கும் பிரிவில் வேலை. கம்பெனி பஸ்ஸிலிருந்து ஜல்லிக்கல் மேல் இறங்கும்போதுதான் பெரும்பாலும் சுளுக்கும். அவருடைய கையைப் பிடித்து, கட்டைவிரலை முன்கையின் பக்கம் மெல்லச் சாய்த்தேன். எந்த எதிர்ப்பும் இல்லாமல் அது முன்கையில் போய்ப் படுத்துக்கொண்டது. பக்கத்தில் நின்ற அம்மா, "இதில் என்ன இருக்கிறது, சின்ன வயதில் நானும் இப்படித்தான் வளைப்பேன்" என்றார். நோயை அறிய அந்த வாக்கியமும் உதவியது. மூட்டுத் தளர்வு பெரும்பாலும் குடும்பத்தில் வருவது.

ஏன் சுளுக்குகிறது, ஏன் கடுக்கிறது

எலும்பையும் எலும்பையும் கட்டிவைப்பது லிகமென்ட் என்னும் நார். அதன் உறுதி கொலாஜன் என்ற புரதத்தைப் பொறுத்தது. சிலருக்குப் பிறவியிலேயே இந்த நார் கொஞ்சம் அதிகமாக நீளும். அதனால் மூட்டு எல்லோருக்கும் நிற்கிற இடத்தில் நிற்காமல் அதைத் தாண்டிப் போகிறது. இதை மருத்துவர்கள் ஹைப்பர்மொபிலிட்டி என்கிறார்கள். இப்படி வளைவது மட்டுமே நோய் அல்ல. வளைந்தும் வாழ்நாள் முழுக்க ஒரு வலியும் இல்லாமல் இருப்பவர்கள் ஏராளம். வலியும் சுளுக்கும் சேரும்போதுதான் சிகிச்சை தேவைப்படுகிறது.

வலி இரண்டு வழிகளில் வருகிறது. நார் செய்யவேண்டிய காவல் வேலையைத் தசைகள் செய்கின்றன. கயிறு தளர்ந்த பந்தலை ஆட்கள் நின்று பிடித்துக்கொண்டிருப்பது போன்ற நிலை அது. சாயங்காலம் வரை பிடித்தால் கடுக்கத்தான் செய்யும். இரண்டாவது, மூட்டு எந்தக் கோணத்தில் இருக்கிறது என்ற செய்தி மூளைக்குச் சரியாகப் போவதில்லை. கண்ணை மூடிக்கொண்டு முட்டியை நேராக வையுங்கள் என்றால், பின்பக்கம் வளைந்த நிலையையே அவர்கள் நேர் என்று நினைக்கிறார்கள். பாதம் உள்பக்கம் புரளத் தொடங்குவது ஒரு நொடி தாமதமாகத் தெரிந்தாலும் போதும். கணுக்காலின் வெளிப்பக்க நார் அதற்குள் இழுபட்டுவிடும்.

பயிற்சியால் நார் இறுகாது. எத்தனை மாதம் செய்தாலும் கட்டைவிரல் முன்கையில் படுக்கத்தான் செய்யும். பயிற்சி மாற்றுவது தசையின் பலத்தையும், அது விழித்துக்கொள்ளும் வேகத்தையும், மூட்டின் இடம் தெரியும் உணர்வையும்தான். எதை எதிர்பார்க்கலாம், எதை எதிர்பார்க்கக் கூடாது என்பது இதிலிருந்து விளங்கும்.

முதல் படி: உண்மையிலேயே தளர்வுதானா என்று பார்ப்பது

பெய்ட்டன் மதிப்பெண் என்ற ஒரு சோதனை உண்டு. மொத்தம் 9 மதிப்பெண். உள்ளங்கையை மேசைமேல் வைத்துச் சுண்டுவிரலை மேல்நோக்கித் தூக்கினால் 90 பாகைக்கு மேல் போகிறதா என்பது ஒன்று. கட்டைவிரல் முன்கையைத் தொடுகிறதா, முழங்கை 10 பாகைக்கு மேல் பின்னுக்கு வளைகிறதா, முட்டியும் அப்படியே வளைகிறதா என்பவை அடுத்த மூன்று. இந்த நான்கையும் இரண்டு பக்கமும் பார்த்து, பக்கத்துக்கு ஒரு மதிப்பெண் போட வேண்டும். கடைசியாக, முட்டியை மடக்காமல் குனிந்து உள்ளங்கைகள் முழுவதும் தரையில் படிந்தால் ஒரு மதிப்பெண். பருவமடைந்த பிறகு 50 வயது வரை உள்ளவர்களுக்கு 5 அல்லது அதற்கு மேல் வந்தால், உடம்பு முழுக்கத் தளர்வு இருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

நம் பெண்ணுக்கு 7 வந்தது. முழங்கைகள் மட்டும் வளையவில்லை. ஆனால் இந்தச் சோதனை கணுக்காலையோ தோளையோ பார்ப்பதே இல்லை. மதிப்பெண் 3 வந்து, கணுக்கால் மட்டும் மிகவும் தளர்ந்திருக்கிறவர்களும் உண்டு. அவர்களுக்கும் கீழே உள்ள பயிற்சிகள் பொருந்தும். மதிப்பெண்ணைக் காட்டவேண்டும் என்பதற்காக மூட்டை வலிந்து வளைக்காதீர்கள். தானாகப் போகிற வரை போதும். நண்பர்களுக்கு வளைத்துக் காட்டும் பழக்கத்தையும் அன்றோடு விட்டுவிடுங்கள்.

பயிற்சிக்கு முன் மருத்துவரிடம் போக வேண்டியவர்கள்

சில அறிகுறிகள் இருந்தால் பயிற்சியைத் தொடங்கும் முன் மருத்துவர் பார்த்தாக வேண்டும். மூட்டு முழுவதுமாக நழுவி வெளியே வந்தது, காலில் மரத்துப்போதல், காலையில் எழுந்ததும் அரைமணி நேரத்துக்கு மேல் மூட்டு இறுகி வீங்கியிருப்பது ஆகியவை ஒரு வகை. கடைசியில் சொன்னது தளர்வின் குணம் அல்ல, மூட்டு அழற்சியின் குணம். மெல்லிய தோல், சும்மா இடித்தாலே கன்றிப்போவது, காகிதம் போல அகன்று மெலிந்த தழும்பு ஆகியவை கொலாஜன் குறையின் வேறு வகைகளைக் காட்டலாம். வழக்கத்துக்கு மீறிய உயரம், நீண்ட விரல்கள், கண் வில்லை விலகல், குடும்பத்தில் இளம் வயதில் திடீர் மரணம் ஆகியவை இருந்தால் இதயத்தையும் மகாதமனியையும் எக்கோ மூலம் பார்ப்பது அவசியம்.

இன்னொன்றை இங்கே பெண்கள் வெளியே சொல்வதில்லை. எழுந்து நின்றால் தலைசுற்றல், படபடப்பு. தளர்ந்த மூட்டு உள்ளவர்களில் சிலருக்கு இது சேர்ந்தே வருகிறது. கோடையில் 40 பாகை செல்சியஸைத் தாண்டும் வேலூர் வெயிலில் கூடிவிடும். நம் பெண் வேலை நேரத்தில் கழிப்பறைக்குப் போக நேரம் கிடைக்காது என்று மத்தியானம் வரை தண்ணீரே குடிப்பதில்லை. படுத்த நிலையிலும், நின்ற பிறகு 10 நிமிடம் வரையிலும் நாடித்துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் மருத்துவர் அளந்து பார்க்கச் சொல்லி அனுப்பினேன். அவருக்குப் பெரிய மாற்றம் இல்லை. தண்ணீர் குடிக்கும் பழக்கத்தை மாற்றியதிலேயே தலைசுற்றல் குறைந்தது. ரத்தசோகை, தைராய்டு இரண்டையும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. களைப்புக்குக் காரணம் அங்கே இருந்தால் பயிற்சி எடுபடாது.

வேலூரில் இதற்கு அலைய வேண்டியதில்லை. அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. சிஎம்சியின் மறுவாழ்வு மருத்துவம் நீண்ட வரலாறு கொண்டது. 1966-இல் தொடங்கிய அதன் பாகாயம் மறுவாழ்வு நிலையம் இன்று மருத்துவர் மேரி வர்கீஸ் பெயரால் நடக்கிறது. எங்கே போனாலும் "கால் சுளுக்கு" என்று மட்டும் சொல்லாமல், எத்தனை முறை, எந்தெந்த மூட்டு, குடும்பத்தில் யாருக்கு என்பதை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்.

புதிதாகச் சுளுக்கியிருந்தால் முதல் ஒரு வாரம்

சுளுக்கியதும் நான்கு அடி எடுத்துவைக்க முடியவில்லை என்றால் எக்ஸ்ரே தேவை. கணுக்கால் முண்டுகளின் பின்விளிம்பையும், பாதத்தின் வெளிப்பக்க நடுப்பகுதியில் புடைத்திருக்கும் எலும்பையும், உள்பக்கம் பாதவளைவின் உச்சியில் இருக்கும் எலும்பையும் விரலால் அழுத்திப் பாருங்கள். எலும்பின் மேலேயே சுருக்கென்று வலித்தால் அப்போதும் எக்ஸ்ரே எடுங்கள்.

எலும்பு முறிவு இல்லை என்றால், முதல் இரண்டு நாள் துணியில் சுற்றிய ஐஸ் 10 முதல் 15 நிமிடம், காலை உயர்த்தி வைப்பது, விரல்கள் நீலமாகாத அளவுக்குக் கிரேப் பேண்டேஜ். எண்ணெய் போட்டுச் சுளுக்கு வழிப்பது வேண்டாம். கிழிந்த நாரை அழுத்தித் தேய்த்தால் வீக்கம்தான் கூடும். வாரக்கணக்கில் அசையாமல் கட்டுப்போட்டு வைப்பதும் தளர்ந்த மூட்டுக்கு நல்லதல்ல. ஏற்கெனவே தசையை நம்பி நிற்கிற மூட்டு அது. கட்டுக்குள் தசை மெலிந்தால் கட்டு பிரித்த மாதமே அடுத்த சுளுக்கு வரும். மூன்றாம் நாளிலிருந்து வலி தாங்குகிற அளவில் ஊன்றி நடங்கள். மேடு பள்ளத்தில் நடக்க வேண்டியவர்கள் கயிறு கட்டும் கணுக்கால் உறையை முதல் இரண்டு மூன்று மாதம் வெளியே போகும்போது மட்டும் அணியலாம். வீட்டில் கழற்றிவிடுங்கள்.

செருப்பைப் பற்றி ஒரு வார்த்தை. ஹவாய்ச் செருப்பில் குதிகாலைப் பிடிப்பது எதுவும் இல்லை. அது கழலாமல் இருக்க விரல்கள் இறுக்கிப் பிடிக்கின்றன, பாதம் சறுக்கிப் புரள்கிறது. குதிகாலுக்குப் பின்னால் பட்டை உள்ள, அடி அகன்ற, குதி உயராத செருப்பு போதும். ஊருக்கெல்லாம் ஷூ தைக்கும் பெண் ஹவாய்ச் செருப்பில் ஜல்லிமேல் இறங்குவதைப் பார்க்கச் சங்கடமாக இருந்தது.

இரண்டாம் படி: நிற்கக் கற்றுக்கொள்வது

பயிற்சிகளில் மிக முக்கியமானது இதுதான், ஆட்கள் அவசரமாகத் தாண்டிப்போவதும் இதைத்தான். தளர்ந்த மூட்டு உள்ளவர் நிற்கும்போது முட்டியைப் பின்னால் தள்ளிப் பூட்டிக்கொள்வார். அப்போது தொடைத் தசை ஓய்வெடுக்கிறது. உடம்பின் பாரம் முழுவதும் முட்டியின் பின்பக்க நாரில் தொங்குகிறது. பஸ் நிறுத்தத்தில், ரேஷன் கடை வரிசையில், சமையல் மேடை முன்னால் என்று நாள் முழுக்க அந்த நார் இழுபடுகிறது. வாசலில் கோலம் போடும்போது இன்னும் தெளிவாகத் தெரியும். நம் பெண் முட்டி இரண்டையும் பின்னுக்கு வளைத்து, இடுப்பிலிருந்து அப்படியே மடிந்து, நெற்றி முட்டியைத் தொடும் அளவுக்குக் குனிந்து புள்ளி வைப்பார். ஊரில் எல்லோரும் அந்த லாகவத்தைப் புகழ்வார்கள். தொடையின் பின்தசையும் முதுகின் நாரும் அன்றைக்குப் பட வேண்டிய பாட்டைக் காலை ஆறு மணிக்கே பட்டுவிடும்.

உங்களை யாராவது பக்கவாட்டில் நின்று போன் கேமராவில் படம் எடுக்கட்டும். உங்கள் உணர்வை நம்பாதீர்கள், படத்தை நம்புங்கள். இடுப்பு எலும்புக்கும் கணுக்காலுக்கும் இடையில் கோடு போட்டால் முட்டி அதற்குப் பின்னால் போயிருக்கிறதா என்று பாருங்கள். போயிருந்தால் முட்டியை நூலளவு தளர்த்துங்கள். மடக்க வேண்டாம், பூட்டை மட்டும் திறங்கள். பாதத்தில் மூன்று இடங்களில் பாரம் சமமாக இருக்கட்டும்: குதிகால், பெருவிரல் அடி, சுண்டுவிரல் அடி. சரியான இடத்துக்கு வந்ததும், "முட்டியை மடக்கிக்கொண்டு நிற்பது போல இருக்கிறது" என்று சொல்வீர்கள். எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள். படத்தில் நேராக இருக்கும். அந்த இடத்தை நினைவில் வைத்து, பல் தேய்க்கும்போது, பஸ்ஸுக்கு நிற்கும்போது திரும்பத் திரும்ப அங்கே வந்து நில்லுங்கள். கோலத்துக்கு, குந்தி உட்கார்ந்தோ முட்டியை மடக்கியோ புள்ளி வைக்கலாம்.

மூன்றாம் படி: அசையாமல் தசையை எழுப்புவது (முதல் 3, 4 வாரம்)

இந்தக் கட்டத்தில் மூட்டு அசையாது, தசை மட்டும் வேலை செய்யும். தினமும் செய்யலாம், கால்மணி நேரம் போதும்.

பாதவளைவு தூக்குதல்: நாற்காலியில் உட்கார்ந்து பாதத்தைத் தரையில் வையுங்கள். விரல்களைச் சுருட்டாமல், பெருவிரலின் அடிப்பகுதியைக் குதிகாலை நோக்கி இழுங்கள். உள்பக்க வளைவு சற்று எழும். 5 நொடி பிடித்து விடுங்கள், 10 முறை. எல்லோரும் செய்யும் பிழை விரலால் தரையைக் கவ்வுவது. விரல்களுக்கு அடியில் ஒரு காகிதத் துண்டை வைத்து இழுத்துப் பாருங்கள். காகிதம் வழுக்கிக்கொண்டு வந்தால் சரி, மாட்டிக்கொண்டால் கவ்வுகிறீர்கள்.

சுவரைத் தள்ளுதல்: சுவருக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு, பாதத்தின் வெளிவிளிம்பைச் சுவரில் ஒட்டிவையுங்கள். பாதத்தால் சுவரை வெளிப்பக்கமாகத் தள்ளுங்கள், பாதி பலத்தில், 10 நொடி, 8 முறை. கணைக்காலின் வெளிப்பக்கம் விரல் வைத்தால் ஒரு தசை இறுகுவது தெரியும். பாதம் உள்ளே புரளும்போது அதைப் பிடித்து நிறுத்த வேண்டிய தசை அதுதான். முட்டி வெளியே சாய்ந்தால் தொடை வேலை செய்கிறது என்று பொருள். முட்டியைக் கையால் பிடித்துக்கொண்டு தொடருங்கள்.

இடுப்பு தூக்குதல்: பாயில் மல்லாந்து படுத்து, முட்டியை மடக்கி, தோளிலிருந்து முட்டி வரை ஒரே கோடாக வரும் வரை மட்டும் இடுப்பைத் தூக்குங்கள். 5 நொடி, 10 முறை. நெகிழ்ந்த உடம்பு இன்னும் மேலே போகும். போனால் முதுகு வளைந்துவிடும். பிட்டத்தில் வேலை தெரியாமல் தொடையின் பின்னால் பிடித்து இழுத்தால், பாதத்தைக் கொஞ்சம் கிட்டே கொண்டுவாருங்கள்.

மூச்சை அடக்காதீர்கள். பேசிக்கொண்டே செய்ய முடிகிற அளவு பலம் போதும்.

தசை பிடித்திருக்கிறது என்று இழுக்க வேண்டாம்

வருகிறவர்கள் அனைவரும் கேட்கும் கேள்வி இது. "தொடையும் கணைக்காலும் கல்லாக இறுகியிருக்கிறதே, நீட்டி இழுத்தால் சுகமாக இருக்கிறதே?" சுகமாகத்தான் இருக்கும், ஒரு மணி நேரம் வரை. அந்த இறுக்கம் குட்டையான தசையின் இறுக்கம் அல்ல, காவல் காக்கும் தசையின் இறுக்கம். அதை இழுத்துத் தளர்த்தினால் மூட்டுக்கு இருந்த பிடியும் போகிறது. சாயங்காலம் தசை இன்னும் கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறது. வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள், மெல்லக் காலை ஆட்டுங்கள், பலப்படுத்துங்கள். பலம் கூடக்கூட இறுக்கம் தானாக விடுவதை இரண்டு மூன்று மாதத்தில் காண்பீர்கள்.

யோகாவை விட வேண்டியதில்லை, கடைசி எல்லை வரை போவதைத்தான் விட வேண்டும். வகுப்பில் எல்லோருக்கும் முன்னால் உங்களை நிறுத்தி "பாருங்கள், எப்படி வளைகிறாள்" என்றால், மறுநாள் அதே அளவில் வளையாதீர்கள். உங்களால் போகக்கூடிய தூரத்தில் முக்கால் பங்கோடு நின்று, முட்டியையும் முழங்கையையும் பூட்டாமல், அந்த நிலையைத் தசையால் தாங்குங்கள். பரதநாட்டியம் பயிலும் பெண்களுக்கும் இதே பேச்சுதான்.

நான்காம் படி: உடம்பின் பாரத்தை ஏற்றுவது (5 முதல் 10 வாரம்)

இனி ஒருநாள் விட்டு ஒருநாள். பளு ஏறும் பயிற்சிக்குப் பின் தசைக்கு ஓய்வு தேவை.

குதிகால் தூக்கல் இந்தக் கட்டத்தின் அடித்தளம். சுவரை விரல்நுனியால் தொட்டு நின்று, இரண்டு குதிகால்களுக்கும் நடுவில், கணுக்கால் முண்டுக்குக் கீழே, ஒரு டென்னிஸ் பந்தையோ சுருட்டிய துண்டையோ வையுங்கள். பந்தை நழுவவிடாமல் 3 நொடியில் எழுந்து, 2 நொடி நின்று, 3 நொடியில் இறங்குங்கள். தளர்ந்த கணுக்கால் உச்சியில் வெளிப்பக்கம் சாயப் பார்க்கும். சாய்ந்தால் பந்து உடனே விழுந்து காட்டிக்கொடுத்துவிடும். 8 முறை வீதம் 2 சுற்றில் தொடங்கி, 12 முறை வீதம் 3 சுற்றுக்கு வாருங்கள். அது எளிதானதும் ஒற்றைக் காலில்.

அடுத்தது பாதி உட்காரல். சுவரில் முதுகைச் சாய்த்து, முட்டி 45 பாகை மடங்கும் வரை இறங்கி எழுங்கள். எழும்போது முழுவதும் நிமிர்ந்து முட்டியைப் பூட்டுவதற்கு ஒரு கணம் முன்னால் நிறுத்துங்கள். பலர் இறங்குவதில் கவனம் வைத்து எழுவதில் கோட்டை விடுகிறார்கள். தளர்ந்த முட்டிக்குக் கடைசிப் பத்துப் பாகைதான் பாடமே.

எவ்வளவு செய்யலாம் என்பதற்கு மறுநாள் காலைதான் அளவுகோல். வலியை 0 முதல் 10 வரை மதிப்பிட்டுக் குறித்துவையுங்கள். பயிற்சியின்போது 2 வரை கூடினால் பரவாயில்லை. மறுநாள் காலை பழைய அளவுக்குத் திரும்பியிருந்தால் அப்படியே தொடரலாம். இறங்காமல் நின்றால் அடுத்தமுறை எண்ணிக்கையைப் பாதியாக்குங்கள், நிறுத்திவிடாதீர்கள். தசையின் நடுவில் மந்தமாகக் கடுப்பது பயிற்சியின் வலி. மூட்டுக்குள் குத்துவதும், "நழுவுகிறது" என்று தோன்றுவதும் நிறுத்தச் சொல்லும் அடையாளம். எண்ணிக்கை, வேகம், பளு ஆகியவற்றில் ஒரு வாரத்தில் ஒன்றை மட்டும் கூட்டுங்கள். மாதவிடாய்க்கு முந்தைய சில நாட்களில் மூட்டு இன்னும் தளர்ந்திருப்பதாகச் சில பெண்கள் சொல்கிறார்கள். அப்படி உணர்ந்தால் அந்த நாட்களில் மூன்றாம் படிப் பயிற்சிகளோடு நிறுத்திக்கொள்ளலாம்.

ஆறாம் வாரத்தில் நம் பெண் தடுமாறினார். வலி குறைந்த உற்சாகத்தில், வேண்டுதல் என்று சோளிங்கர் மலையின் 1,300-க்கும் மேற்பட்ட படிகளை ஏறி இறங்கிவிட்டார். ஏறும்போது ஒன்றுமில்லை. இறங்கும்போதுதான் முட்டி ஒவ்வொரு படியிலும் பின்னுக்குப் பூட்டிப் பூட்டி விட்டது. மூன்று நாள் வேலைக்குப் போக முடியவில்லை. இறக்கத்தில் தசை நீண்டுகொண்டே பாரத்தைத் தாங்க வேண்டும். அந்தப் பலம் கடைசியில்தான் வரும். அதுவரை மலைக்கோயில் என்றால் ஏறிப்போய், ரோப் காரில் இறங்கலாம். ஒருவாரம் மூன்றாம் படிக்குப் போய், எட்டாம் வாரத்தில் அவர் திரும்ப நான்காம் படிக்கு வந்தார். இப்படிப் பின்னால் போய் வருவது இந்தப் பயிற்சியில் எல்லோருக்கும் நடக்கிறது. பழைய எண்ணிக்கையை ஒரே நாளில் பிடிக்க முயன்றால்தான் கெடுதல்.

ஐந்தாம் படி: தடுமாறும்போது தாங்குவது (10-ஆம் வாரத்துக்குப் பின்)

சுளுக்கைத் தடுப்பதில் இதற்குத்தான் முதலிடம், ஆனால் பலம் வராமல் இதற்கு வரக் கூடாது. சுவர் மூலையில் நின்றுகொள்ளுங்கள், விழுந்தால் பிடிக்க இரண்டு பக்கமும் சுவர் இருக்கும். முட்டிப் பூட்டைத் திறந்து, ஒற்றைக் காலில் 30 நொடி. கணுக்கால் சிறிதாக ஆடட்டும், அதுதான் பயிற்சி. ஆனால் இடுப்பு ஒரு பக்கம் தொங்கக் கூடாது. இது எளிதானதும் தலையை இடமும் வலமும் திருப்புங்கள். அடுத்து நாலாக மடித்த ஜமக்காளத்தின் மேல் நில்லுங்கள். கண்ணை மூடுவது கடைசி, அதுவும் வெறும் தரையில்.

பின்பு படி இறங்கல். ஒரு சாண் உயரம் கூட வேண்டாம், வாசற்படி போதும். ஒரு காலில் நின்று, மறுகால் குதியைத் தரையில் மெல்லத் தொட்டு எழுங்கள். முட்டி பெருவிரல் பக்கம் உள்ளே சாயாமல், இரண்டாம் விரலுக்கு நேரே போகட்டும். 8 முறை வீதம் 2 சுற்று தள்ளாடாமல் வந்த பிறகே சிறு குதித்தல். குதித்து இறங்கும் சத்தத்தைக் கேளுங்கள். "தொப்"பென்று விழுந்தால் முட்டி பூட்டி இறங்குகிறது, சத்தமில்லாமல் இறங்கினால் தசை வாங்கிக்கொள்கிறது.

தொடக்கத்தில் நம் பெண் வலது காலில் 12 நொடி நின்றார், ஒற்றைக் கால் குதிகால் தூக்கல் 4-இல் கணுக்கால் வெளியே சாய்ந்தது. நான்கு மாதம் கழித்து 30 நொடியும் 18 தூக்கலும் வந்தன. முட்டிக் கடுப்பு முழுவதும் போகவில்லை. சனிக்கிழமைகளில், வாரம் முழுவதும் ஓவர்டைம் பார்த்த பிறகு, இன்னும் வருகிறது. ஐந்தாம் மாதம் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது அதே வலது கால் மறுபடி புரண்டது. ஆனால் பாதி வழியில் நின்றுவிட்டது. வீக்கம் இல்லை, மறுநாள் வேலைக்குப் போனார்.

இப்போது அவர் வாரத்துக்கு இரண்டு நாள் நான்காம், ஐந்தாம் படிப் பயிற்சிகளைச் செய்கிறார். அதற்குக் கீழே குறைத்த மாதங்களில் கடுப்பு திரும்பியது. நார் தளர்வு வாழ்நாள் முழுக்க இருப்பதால், இந்த இரண்டு நாளும் அப்படித்தான் இருக்கும். வேலை மாற்றத்தில் ஒன்று மட்டும் கேட்டுப் பெற்றார்: தையல் இயந்திரத்தின் முன்னால் பாதம் தரையில் முழுவதும் படும் உயரத்தில் ஓர் இருக்கை. அதற்கு மேற்பார்வையாளரிடம் கொடுக்க நான் எழுதிய தாளில் இரண்டே வரிகள்தான் இருந்தன: மிதியை மிதிக்காத காலும் தரையில் ஊன்ற வேண்டும், மணிக்கு ஒருமுறை எழுந்து இரண்டு நிமிடம் நடக்க வேண்டும்.